செங்கல்லா, சாம்பல் கல்லா, ஏஏசி பிளொக்கா? மலைநாட்டு வீட்டுக்கு எந்தச் சுவர்

வாசகி கடிதம்

வணக்கம் சேர். நாங்கள் ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடையில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடியில் வீடு கட்டப்போகிறோம். தை பிறந்ததும் வேலை தொடங்க எண்ணம். இப்போதைக்குக் கீழ் வீடு மட்டும், தகரக் கூரை. மேல் மாடி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். காணி சரிவு, பின்பக்கம் வெட்டித்தான் தளம் எடுக்க வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கும் என் பெரியப்பா மகன், "காற்றுக் குமிழி நிறைந்த ஏஏசி பிளொக் போடு, பாரம் குறைவு, மலையில் மண் சரியாது, வீடும் கதகதப்பாக இருக்கும்" என்கிறார். எங்கள் மேசன் செங்கல்தான் உறுதி என்கிறார். ஹாட்வெயார் கடையில் சாம்பல் கல் நல்லது என்கிறார்கள். அம்மாவோ சாம்பலில் கட்டினால் சுவர் கரைந்துவிடும், நோயும் வரும் என்று பயப்படுகிறார். ரோட்டு வரைக்கும் கொண்டுவந்து தர செங்கல் ஒன்று 32 ரூபா, சாம்பல் கல் 45 ரூபா, ஆறு அங்குல ஏஏசி 720 ரூபா சொல்கிறார்கள். ரோட்டிலிருந்து காணிக்குத் தூக்கிக் கொடுக்க செங்கல்லுக்கும் சாம்பல் கல்லுக்கும் 6 ரூபா, ஏஏசிக்கு 40 ரூபா கேட்கிறார்கள். உறுதி, குளிர், செலவு மூன்றையும் பார்த்தால் எது நல்லது?

பொறியியலாளர் பதில்

அன்புள்ள சகோதரி, கடைக்காரர் சொன்ன விலையோடு தூக்குகூலியையும் எழுதியது நல்லதாகப் போயிற்று. பலரும் கல்லின் விலையை மட்டும் அனுப்பிவிட்டு எது மலிவு என்று கேட்பார்கள். மலையில் அந்தக் கணக்கு பாதிக் கணக்குதான்.

நீங்கள் கேட்ட மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உறுதியைப் பற்றி உங்கள் வீட்டில் எல்லோரும் வாதாடுகிறார்கள். ஆனால் உங்கள் சுவருக்கு அது மூன்றாவது பிரச்சினை. முதல் பிரச்சினை மழை. இரண்டாவது, ரோட்டுக்கும் காணிக்கும் இடையில் இருக்கும் அந்த நடைபாதை.

கல்லின் உறுதி ஏன் பெரிய கேள்வி இல்லை

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்பது அடி உயரத்துக்கு எழும்பி, அதன் மேல் தகரக் கூரையும் உட்கார்ந்தால், சுவரின் அடிக்கல்லில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழும் பாரம் ஏறத்தாழ 600 கிராம். நாளைக்கு ஒரு சிலாப் போட்டு மேல் மாடியும் எழுப்பினால்கூட அது 2 கிலோவைத் தாண்டுவது அரிது. கையால் அறுத்துச் சூளையில் சுட்ட சாதாரண செங்கல்லுக்கு இலங்கைத் தரநிர்ணயத்தின் கீழ்த்தரமே 28 கிலோ தாங்க வேண்டும் என்கிறது. ஏஏசி பிளொக் 30 முதல் 40 கிலோ தாங்கும். ஒழுங்காகச் செய்த சாம்பல் கல் 75 கிலோவுக்கு மேலேயே போகும்.

கல் தாங்கும் அளவைச் சுவர் அப்படியே தாங்காது என்பது உண்மைதான். சாந்து, மேசனின் கை, சுவரின் உயரம் எல்லாம் சேர்ந்து அதைச் சில மடங்கு குறைத்துவிடும். பாதுகாப்புக்காக நாங்களும் இன்னும் குறைத்துத்தான் கணக்குப் போடுவோம். அப்படிக் குறைத்தாலும் மூன்றுமே உங்கள் கீழ் வீட்டுக்குத் தாராளமாகப் போதும். ஆகவே மேசன் செங்கல்லைச் சொல்வது சரி, அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் சரியில்லை.

மலைநாட்டில் சுவர் வெடிப்பது கல் நசுங்கி அல்ல. தளத்தின் பாதி வெட்டிய கட்டி மண்ணிலும் மறுபாதி கொட்டி நிரப்பிய மண்ணிலும் இருப்பதால் வெடிக்கிறது. நிரப்பிய பக்கம் இரண்டு மழைக்காலத்தில் அரை அங்குலம் இறங்கினால் போதும், ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரிக் கோணலாக ஒரு வெடிப்பு ஓடும். கீழே மெல்லியதாகவும் மேலே அகலமாகவும், அல்லது அதற்கு மாறாகவும் இருக்கும். அந்த வெடிப்பு செங்கல் சுவரிலும் வரும், ஏஏசி சுவரிலும் வரும். ஏஏசி என்றால் சாந்தைச் சுற்றிப் போகாமல் கல்லையே பிளந்துகொண்டு போகும், அவ்வளவுதான் வித்தியாசம். சாந்துப் பூச்சில் வலை மாதிரிப் பரவும் மயிரிழை வெடிப்புகள் வேறு. அவை பூச்சு காய்ந்து சுருங்குவதால் வருபவை, பயப்பட வேண்டாம்.

இதைத் தடுக்கக் கல்லை மாற்றிப் பயனில்லை. அத்திவாரம் எல்லாப் பக்கமும் கட்டி மண்ணைத் தொட வேண்டும். நிரப்பிய பக்கத்தில் கருங்கல் அத்திவாரத்தைப் படிப்படியாக ஆழமாக இறக்க வேண்டும். அதன் மேல் வீட்டைச் சுற்றி முழுவதும், நாலு 12 மில்லிமீட்டர் கம்பி வைத்த கொங்கிரீட் பீம் ஒன்று அறுபடாமல் ஓட வேண்டும். ஜன்னல் தலைமட்டத்தில் லிண்டலும் அப்படியே சுற்றி ஓடட்டும். ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாகப் போடுவது மலிவுதான், ஆனால் சரிவுக் காணியில் அதை நான் அனுமதிப்பதில்லை.

பாரம் குறைந்தால் மண் சரியாதா?

உங்கள் அண்ணன் சொன்னதில் நான் ஒப்புக்கொள்ளாத இடம் இதுதான். உங்கள் வீட்டின் வெளிச்சுவர் முழுவதும் ஒன்பது அங்குலச் செங்கல்லில் கட்டினால் சுமார் 26 தொன் வரும். ஆறு அங்குல ஏஏசியில் என்றால் 6 தொன் அளவு. வித்தியாசம் 20 தொன். கேட்கப் பெரிதாக இருக்கிறது, இல்லையா? ஆனால் 550 சதுர அடித் தளம் எடுக்க நீங்கள் சராசரி மூன்றடி மண் வெட்டினாலே அந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 80 தொன் மண்ணை எடுத்துவிடுகிறீர்கள். மலைச்சரிவு உங்கள் சுவரின் பாரத்தை உணர்வதே இல்லை.

சரிவு உணர்வது வேறு இரண்டை. ஒன்று, வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டி நிற்கும் மண்கரை. மற்றது, அதற்குள் இறங்கும் தண்ணீர். வெட்டிய மண்ணை முன்பக்கச் சரிவில் தள்ளிவிட்டு அதன் மேல் வீட்டின் முன்னறையைக் கட்டுவது இன்னொரு தவறு. கரைக்கும் சுவருக்கும் இடைவெளி, கரையின் தலையில் மழைநீரைத் திருப்பும் வாய்க்கால், கரையின் அடியில் ஒரு கான், கூரைத் தண்ணீருக்குப் பீலி, அந்தத் தண்ணீர் போய்ச் சேர ஓர் இடம். இவைதான் உங்கள் உயிரைக் காக்கும். நுவரெலியா மாவட்டம் மண்சரிவு அபாய மாவட்டம் என்பதால் பிரதேச சபையில் பிளான் போடுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை தேவை. அதை வெறும் கடதாசி வேலை என்று நினைக்காதீர்கள். வரும் அதிகாரியிடம் பின்கரையை எவ்வளவு உயரம் வெட்டலாம், சுவரை எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்று நேரிலேயே கேட்டு எழுதிவாங்குங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் எந்தக் கல்லும் அந்தக் காணியைக் காப்பாற்றாது.

ஆனால் இலேசான கல்லுக்கு ஒரு உண்மையான பயன் இருக்கிறது. அதைக் கடைசியில் மேல் மாடியைப் பேசும்போது சொல்கிறேன்.

குளிர் எங்கிருந்து வருகிறது

ஏஏசி பிளொக் குளிரைத் தடுக்கும் என்பது பொய் இல்லை. சீமெந்து, சுண்ணாம்பு, மணல் அல்லது நிலக்கரிச் சாம்பலோடு கொஞ்சம் அலுமினியத் தூளைக் கலக்கிறார்கள். மா புளித்த மாதிரி அது பொங்கி, உள்ளே இலட்சக்கணக்கான காற்றுக் குமிழிகள் உண்டாகின்றன. பிறகு அறுத்து, நீராவி அழுத்தத்தில் வேகவைத்து எடுப்பார்கள். கல்லின் பெரும்பகுதி அடைபட்ட காற்றுதான். அதனால் அதே தடிப்பில் செங்கல் கடத்தும் வெப்பத்தில் நாலில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் இது கடத்தும். செங்கல் நடுத்தரம். அழுத்திச் செய்த சாம்பல் கல் அடர்த்தியானது, குளிர் விஷயத்தில் செங்கல்லைவிட ஒரு படி கீழே. சாம்பல் என்றதும் பஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சாம்பல் சேர்த்த ஏஏசிக்குத்தான் பொருந்தும், சாம்பல் கல்லுக்குப் பொருந்தாது.

சரி, உங்கள் வீட்டுக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜன்னல், கதவு போக வெளிச்சுவர் சுமார் 700 சதுர அடி. ஜனவரி விடியற்காலையில் வெளியே 10 பாகை, உள்ளே நீங்கள் விரும்புவது 20 பாகை. அந்த நிலையில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வழியாக வெளியேறும் வெப்பம் ஏறத்தாழ 1,250 வொட். நாலரை அங்குலச் செங்கல் சுவரென்றால் 1,800 வொட். ஆறு அங்குல ஏஏசி என்றால் 650 வொட். அதாவது செங்கல்லை விட்டு ஏஏசிக்குப் போனால் 600 வொட் மிச்சம்.

இப்போது தலைக்கு மேலே பாருங்கள். சீலிங் இல்லாத தகரக் கூரை வழியாக அதே நேரத்தில் போவது 4,000 வொட்டுக்கு மேல். நாலு இஸ்திரிப்பெட்டியை முழுச் சூட்டில் வைத்து வெளியே பிடித்த மாதிரி. சும்மா ஒரு பலகைச் சீலிங் அடித்து, அதற்கும் தகரத்துக்கும் இடையில் காற்றை அடைத்து வைத்தாலே அதில் பாதிக்கு மேல் நின்றுவிடும். அதன் மேல் வெப்பத்தடை விரிப்பு ஒன்றும் போட்டால் இன்னும் நல்லது. ஆக, சுவரை மாற்றி 600 வொட் மிச்சம் பிடிப்பதற்கு முன், கூரையில் 2,000 வொட்டுக்கு மேல் மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. சீலிங் இல்லாத வீட்டுக்கு ஏஏசி போடுவது, ஓட்டை விழுந்த பானைக்கு நல்ல மூடி வாங்குவது போலத்தான். தகரத்துக்கும் சுவர்த்தலைக்கும் இடையே விடும் அந்த அலைஅலையான இடைவெளியையும் அடையுங்கள். ராத்திரிக் காற்று நுழைவது அதன் வழியாகத்தான்.

மழை இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. மே பிற்பகுதியிலிருந்து தென்மேற்குக் காற்றோடு உங்கள் பக்கம் அடிக்கும் சாரல் சுவரில் படுத்துத்தான் விழும். ஏஏசி தண்ணீரை நன்றாக உறிஞ்சும். நனைந்த ஏஏசியில் குமிழிகளுக்குள் காற்றுக்குப் பதில் ஈரம், அப்போது அதன் கதகதப்பில் பெரும்பங்கு போய்விடும். பண்டாரவளைப் பக்கம் வெயில் இருக்கும், சுவர் காய்ந்துகொள்ளும். நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்தில் ஜூன், ஜூலையில் சுவர் காய வெயில் எங்கே? இங்கே ஏஏசி போடுபவர் வெளிப்பூச்சையும் நல்ல வெளிப்புறப் பெயின்ரையும் இரண்டரை, மூன்றடி இறவாரத்தையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

நாலரை அங்குலச் செங்கல் வெளிச்சுவரை மழைப்பக்கத்தில் நான் எழுதிக் கொடுப்பதில்லை. ஒரே ஒரு கல் தடிப்பு என்பதால் சாந்துப் பொருத்தின் வழியாக ஈரம் நேரே உள்ளே வந்துவிடும். அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். ஒன்பது அங்குலத்தில் கற்கள் ஒன்றுக்கொன்று குறுக்கே பிடித்து நிற்பதால் அந்த வழி அடைபடும்.

சாம்பல் கல்: அம்மாவின் பயமும் அண்ணனின் ஊரும்

அம்மாவிடம் சொல்லுங்கள், இது அடுப்புச் சாம்பல் இல்லை. நிலக்கரியை எரிக்கும் மின் நிலையத்தின் புகையிலிருந்து பிடித்தெடுக்கும் மிக மெல்லிய தூள். சுண்ணாம்போ சீமெந்தோ தண்ணீரோடு சேர்ந்தால் அது இறுகிக் கல்லாகிவிடும், மழையில் கரையாது. நீங்கள் வாங்கும் சீமெந்து மூட்டைகளில் பலவற்றில் ஏற்கெனவே இதே சாம்பல்தான் கலந்திருக்கிறது. தூளாக மூச்சில் போனால் கெடுதல், அது சீமெந்துக்கும் பொருந்தும். கல்லாகி, பூசி முடித்த சுவரில் அந்தப் பயம் இல்லை.

தமிழ்நாட்டில் இது மலிவாகக் கிடைப்பதற்கு அங்கே அனல் மின் நிலையங்கள் பல இருப்பதும், 1999ஆம் ஆண்டிலிருந்தே சாம்பலைக் கட்டடப் பொருளாகப் பயன்படுத்தும்படி இந்திய அரசு உத்தரவு போட்டதும் காரணம். நம் நாட்டில் பெரிய நிலக்கரி மின் நிலையம் நுரைச்சோலையில் ஒன்றுதான். அங்கே கிடைக்கும் சாம்பலைச் சீமெந்துக் கம்பனிகளும் வாங்குகின்றன. மிச்சத்தில் செய்த கல் புத்தளத்திலிருந்து ஹட்டன் வரைக்கும் லொறியில் ஏற வேண்டும். உங்களுக்குச் சொன்ன 45 ரூபாவில் அந்த லொறிக்கூலியும் இருக்கிறது.

வாங்குவதானால் இரண்டைக் கவனியுங்கள். முதலாவது, சாம்பல் கல் என்று விற்பதெல்லாம் சாம்பல் கல் இல்லை. கல்லுத்தூளும் சீமெந்தும் அழுத்திச் செய்த சாதாரண சீமெந்துக் கல்லையும் அதே பெயரில் தள்ளிவிடுவதுண்டு. உடைத்துப் பாருங்கள். சாம்பல் கல்லின் உள்முகம் நெருக்கமாக, மாவு போல ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். சரளைத்துகள் கண்ணுக்குத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். சோதனை அறிக்கை கேளுங்கள், கல் செய்த திகதியும் கேளுங்கள். இரண்டாவது விஷயம் அந்தத் திகதியில்தான் இருக்கிறது. சாம்பல் மெதுவாக இறுகும் பொருள், குளிரில் இன்னும் மெதுவாக. மூன்று வாரமாவது தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தி, மொத்தம் ஒரு மாதமாவது வயதான கல்லையே எடுங்கள். பத்து நாள் கல்லைக் கொண்டுவந்து நம் குளிரில் கட்டினால் அது சுவருக்குள் இருந்துகொண்டே சுருங்கும். பூச்சில் செங்குத்தாக மயிரிழை வெடிப்புகள் வரும். நகத்தால் கீறினால் மூலை பொடிந்தால் அது இன்னும் பச்சைக் கல்.

செங்கல்லை எப்படித் தெரிந்தெடுப்பது

செங்கல் தாழ்நிலத்துச் சூளையிலிருந்து வருவது. ஒரே சூளையில் நெருப்புக்குப் பக்கத்திலிருந்த கல்லும் விளிம்பிலிருந்த கல்லும் ஒன்றில்லை. லொறிக்காரர் கலந்துதான் ஏற்றுவார். முதல் லோட்டுக்கு முன்னால் மாதிரியாகப் பத்துக் கல் கேளுங்கள். இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் வேகவில்லை. ஒன்றை உடைத்துப் பாருங்கள். நடுவில் கறுப்பாகவோ பச்சை மண்ணாகவோ இருந்தால் வேண்டாம். வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரிந்தாலும் வேண்டாம். அவை பிறகு ஈரம் பட்டு ஊதிப் பூச்சைப் பிய்த்துத் தள்ளும்.

அப்புறம் சமையலறைத் தராசு சோதனை. அடுப்போரத்தில் இரண்டு மூன்று நாள் வைத்து நன்றாகக் காய்ந்த கல்லை நிறுங்கள். 24 மணிநேரம் வாளித் தண்ணீரில் மூழ்கவைத்து, எடுத்துத் துடைத்து மறுபடி நிறுங்கள். 2 கிலோ 400 கிராம் கல் 2 கிலோ 850 ஆனால், குடித்த தண்ணீர் 450 கிராம், அதாவது 19 சதவீதம். உங்கள் மழைக்கு இது நல்ல கல். 25 சதவீதத்தைத் தாண்டினால் வெளிச்சுவருக்கு எடுக்காதீர்கள், உள்தடுப்புக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். கட்டும் நாளில் கல்லை நனைத்துத்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாந்தின் தண்ணீரைக் கல் குடித்துவிட்டுச் சாந்து மணலாக நின்றுவிடும். மழை நாளில் லொறியிலிருந்து இறங்கிய கல் ஏற்கெனவே ஊறியிருக்கும், அதை மறுபடி நனைத்தால் வரிசை வழுக்கும்.

செலவு: கல்லுக்கு அல்ல, சுவருக்கு

நூறு சதுர அடிச் சுவரை, அதாவது ஒரு சதுரத்தை, அளவாக எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு வெளிச்சுவர் ஏழு சதுரம். ஒன்பது அங்குலத்துக்குச் சதுரத்துக்கு உடைசலும் சேர்த்துச் சுமார் 1,150 செங்கல், மொத்தம் 8,050. கல் 257,600 ரூபா, தூக்குகூலி 48,300 ரூபா, ஆக 305,900.

ஆறு அங்குல ஏஏசி சதுரத்துக்குச் சுமார் 80, மொத்தம் 560. கல் 403,200 ரூபா, தூக்குகூலி 22,400 ரூபா, ஆக 425,600.

சாம்பல் கல் செங்கல்லைவிடக் கொஞ்சம் பருமன், ஒன்பது அங்குலத்துக்குச் சதுரத்துக்கு 960 அளவு, மொத்தம் 6,720. கல்லும் தூக்குகூலியும் சேர்ந்து 342,720 ரூபா. செங்கல்லைவிட அதிகம், குளிருக்குச் செங்கல்லைவிடக் குறைவு, உங்களுக்குத் தேவையில்லாத இடத்தில் மட்டும் உறுதி கூட. உங்கள் காணிக்கு இதை நான் தெரிவு செய்யமாட்டேன். புத்தளத்திலோ குருணாகலிலோ இருந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

செங்கல்லுக்கும் ஏஏசிக்கும் இடையில் 120,000 ரூபா அளவில் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் செங்கல் சுவருக்கு ஏறத்தாழ 20 மூட்டை சீமெந்தும் ஒன்றேகால் கியூப் மணலும் கூடுதலாக வேண்டும், அந்த மணலையும் தோளில்தான் கொண்டுபோக வேண்டும். ஏஏசிக்கு மெல்லிய ஒட்டுச் சாந்து 14 மூட்டை அளவில் போதும். வேலை நாளும் குறையும். எல்லாம் சேர்த்தால் வித்தியாசம் ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கிவிடும். இத்தனைக்கும் உங்கள் மேசன் ஏஏசி கட்டிப் பழகியவராக இருக்க வேண்டும். சாதாரண சாந்தை அரை அங்குலத் தடிப்பில் அப்பிக் கட்டினால் மிச்சமும் போய், பொருத்தெல்லாம் குளிர் நுழையும் கோடாகிவிடும். பழகாத மேசனிடம் ஏஏசியைக் கொடுப்பதைவிட, பழகிய கையில் செங்கல்லைக் கொடுப்பது மேல்.

உங்கள் வீட்டுக்கு நான் எழுதிக் கொடுப்பது

கீழ் வீட்டின் வெளிச்சுவர் நாலு பக்கமும் ஒன்பது அங்குலச் செங்கல். உள்தடுப்புகள் நாலரை அங்குலம். தரையிலிருந்து ஈரம் ஏறாமல் பீமின் மேல் ஈரத்தடை. ஏஏசி போடாமல் மிச்சமாகும் பணம் சீலிங்குக்கும் இறவாரத்துக்கும் போகட்டும். அண்ணனிடம் சொல்லும்போது, அவர் ஊரில் ஏஏசி வெயிலைத் தடுக்கப் போடுவது சரியான வேலைதான் என்றும் சொல்லுங்கள். அங்கே சுவர் காய்ந்திருக்கும், லொறி வாசலுக்கே வரும்.

மேல் மாடியைப் பற்றி "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் பிறகு பார்க்க முடியாது. மாடி வரும் என்றால் இப்போதே நாலு மூலையிலும் நடுவிலும் கொங்கிரீட் தூண்களுக்கு அத்திவாரம் போட வேண்டும், கம்பியை மேலே விட்டு வைக்க வேண்டும். வராது என்றால் அந்தச் செலவு வேண்டாம். வீட்டுக்காரரோடு பேசி இந்த மாதமே முடிவெடுங்கள்.

மாடி வருமானால், இலேசான கல்லுக்கு நான் சொன்ன உண்மையான பயன் அங்கேதான். மேல்சுவர் ஏஏசியில் எழும்பினால் பீமும் தூணும் அத்திவாரமும் சிறிதாகலாம், அந்த மிச்சம் கல்லின் விலையில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். அப்போது இரண்டு விஷயம். ஏஏசி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே உள்ளே நிறைய ஈரத்தோடு வரும். மூடுபனிக் காலத்தில் கட்டி உடனே பூசினால் பூச்சு வெடிக்கும். மார்கழி மழை ஓய்ந்தபின் இறக்கி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி, மேலே மட்டும் பொலித்தீன் மூடிக் காயவிட வேண்டும். தூணும் கல்லும் சேரும் இடத்தில் பூச்சுக்கு அடியில் வலை வைக்கச் சொல்லுங்கள், அங்கேதான் முதல் வெடிப்பு வரும். சமையலறைத் தட்டு, தண்ணீர்த் தொட்டி மாதிரிப் பாரமானதைத் தொங்கவிட ஏஏசிக்கென்று இருக்கும் நீளமான பிளக் வேண்டும். சாதாரண ஆணி பிடிக்காது.

தையில் வேலை தொடங்குவதானால் இப்போதே மாதிரிச் செங்கல் பத்தும் வரட்டும். அறிக்கையும் பிளானும் கைக்கு வந்தபின் 8,050 கல்லையும் ஒரே தடவையில் இறக்காதீர்கள். ரோட்டோரத்தில் மழையில் ஊறும், களவும் போகும். அத்திவார பீம் போட்ட வாரத்தில் முதல் 3,000 கல். பீம் இறுகுவதற்குள் அவை காணிக்கு ஏறிவிடும். மிச்சம் பெப்ரவரியில். மார்ச் கடைசிக்குள் கூரை ஏறினால் சுவருக்கு வெளிப்பூச்சு போட ஏப்ரல் இருக்கிறது. அது தவறினால் தென்மேற்கு மழை பூசாத சுவரில் அடிக்கும், பிறகு செப்டெம்பர் வரைக்கும் பூச்சுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.